மு. சிவகுமார் எப்படி ம. சிவகுமார் ஆனார்?

ஹட்டனுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்துக்கு உறுப்பினர் அட்டை அச்சிட்டுக் கொடுத்தேன். கொப்பியில் கிடந்த 186 பெயர்களை எக்செலில் ஏற்றினேன். முழுப்பெயர் இருந்த நிரலிலிருந்து முதலெழுத்துடன் கூடிய பெயரை ஒரு சூத்திரம் போட்டு எடுத்தேன். அட்டைகளைக் கொடுத்த அன்று பின்னேரமே முத்துசாமி மாமா மகனுடைய அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதில் "ம. சிவகுமார்" என்று இருந்தது.

"தம்பி, எம்பேரு முத்துசாமி. மானாவுக்கு எங்க வீட்டுல ஆளே இல்ல. இது மாணிக்கத்து மகனுக்குப் போக வேண்டிய அட்டையா?"

அவர் கேட்டது நியாயம். ஏழாம் லயத்து மாணிக்கத்துக்கும் சிவகுமார் என்று ஒரு மகன் உண்டு. அவனுடைய அட்டையை எடுத்துப் பார்த்தால் அதிலும் "ம. சிவகுமார்". கொப்பியில் மு. சிவகுமார், மா. சிவகுமார் என்று இரண்டு ஆளாக இருந்தவர்கள் என் சூத்திரத்தில் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பணம் கொடுக்கிற சங்கம் இது. அங்கே இந்தக் குழப்பம் சின்ன விசயம் இல்லை.

நான் போட்ட சூத்திரம் இதுதான்:

```
=LEFT(A2,1)&". "&MID(A2,FIND(" ",A2)+1,50)
```

முதல் சொல்லின் முதல் எழுத்தை எடு, ஒரு புள்ளி வை, இடைவெளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே சேர். ஆங்கிலத்தில் தட்டிய பெயருக்கு இது சரியாகவே வேலை செய்யும். தமிழில் சிக்கல் "ஒரு எழுத்து" என்பதிலேயே தொடங்குகிறது. நாம் ஒரே எழுத்தாக வாசிக்கும் மு, கணினிக்குள் இரண்டு துண்டாக இருக்கிறது. ம என்ற மெய்யெழுத்துத் துண்டு `U+0BAE`, உகரக் குறி `U+0BC1`. `LEFT(A2,1)` முதல் துண்டை மட்டும் வெட்டிக் கொடுக்கிறது. மா, மு, மூ, மொ எல்லாம் ம ஆகிவிடுகின்றன. கருப்பையா, காளியப்பன், குப்புசாமி, கோபால் நால்வரின் பிள்ளைகளும் க. என்ற ஒரே எழுத்துக்குக் கீழே வந்து நிற்பார்கள்.

தோட்டங்களில் முதலெழுத்துக்கு இருக்கும் வேலையே ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுவதுதான். ஒரு டிவிசனில் மூன்று செல்வராஜ், நான்கு சிவகுமார் இருப்பது சாதாரணம். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது யாருடைய மகன் என்று தெரிந்தால்தான் யார் கையைத் தூக்குவது என்று தெரியும். மு. சிவகுமாரில் இருக்கும் மு சிவகுமாருடைய பெயரின் சுருக்கம் இல்லை. அது அப்பாவுடைய பெயர். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் சிக்கல்கள் பாதி புரிந்துவிடும். நம்முடைய முழுப்பெயரில் பெரும்பாலும் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் எந்தச் சொல் எந்த ஆள் என்பது சொல்லைப் பார்த்து மட்டும் தெரிவதில்லை.

இலங்கைப் படிவங்களில் முழுப்பெயர் என்று ஒரு கட்டமும், முதலெழுத்துகளுடன் பெயர் என்று இன்னொரு கட்டமும் வரும். முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதை எடுக்க எல்லோரும் பழகிய வழி ஒன்று உண்டு: கடைசிச் சொல்லை முழுதாக எழுது, முன்னால் இருப்பதையெல்லாம் முதலெழுத்தாக்கு. பல சிங்களப் பெயர்களில் முன்னால் "கே" என்று முடியும் குடும்பப்பெயர் வரும், அதன்பிறகு இடப்பட்ட பெயர்கள் வரும். அவற்றுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். முத்துசாமி சிவகுமார் போன்ற இரண்டு சொல் பெயருக்கும் பொருந்துகிறது. அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கடைசிச் சொல்லை வைத்துக்கொண்டால் மு. சிவகுமார் கிடைத்துவிடும். இப்படிச் சரியாக வருவதாலேயே இந்த வழியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எடுத்துப் பாருங்கள். ஆறுமுகன் தொண்டமான். இங்கேயும் இரண்டு சொல்தான். ஆனால் ஆறுமுகன் அவருடைய சொந்தப் பெயர். அப்பா பெயர் இராமநாதன். தொண்டமான் என்பது தாத்தா சௌமியமூர்த்தி தொண்டமானுக்கும் முன்பிருந்தே வரும் குடும்பப்பெயர். ஆ. தொண்டமான் என்று எழுதினால் அந்த ஆ அவரையே குறிக்கும், அப்பாவை இல்லை. முத்துசாமி சிவகுமாரும் ஆறுமுகன் தொண்டமானும் கணினிக்கு ஒரே வடிவம், அர்த்தம் நேர் எதிர்.

மூன்று சொல் வரும்போது இன்னும் சிரமம். 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய நடேசய்யரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முழுப்பெயரைக் கோதண்டராம நடேச ஐயர் என்று பிரித்து எழுதுவார்கள். கடைசிச் சொல் வழியில் போனால் கோ. ந. ஐயர் வரும். அப்படி ஒருவரை மலையகத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தவர் கோ. நடேசய்யர். நடேச ஐயர் இரண்டு சொல்லாக எழுதப்பட்ட ஒரே பெயர். விஜய லெட்சுமி, சிவ குமார், அருள் ஜோதி என்று இடைவெளி விட்டுப் பதியப்பட்ட பெயர்கள் தோட்டத்துப் பதிவேடுகளில் நிறைய உண்டு. அங்கெல்லாம் இந்த வழி ஒரு பெயரை நடுவில் அறுத்து, பாதியை முதலெழுத்தாக்கிவிடும். மு. வி. லெட்சுமி என்று அட்டை வாங்கிய பெண்ணை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதே இல்லை.

கோ. நடேசய்யரிடம் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவர் `K. Natesa Iyer`. ஆங்கில எழுத்திலிருந்து தமிழ் முதலெழுத்துக்குத் திரும்பி வர வழி இல்லை. அந்த `K` கோவாகவும் இருக்கலாம், கா, கி, கு, கணபதியின் க எதுவாகவும் இருக்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதும் நேர்பாதை இல்லை. ஞானசேகரத்தின் ஞா ஆங்கிலத்தில் `G` ஆகும். தங்கவேலின் த சிலருக்கு `T`, சிலருக்கு `Th`. அதனால் இரண்டு மொழியிலும் அட்டை வேண்டுமானால் ஒவ்வொரு மொழியிலும் எழுதிய முழுப்பெயரிலிருந்து தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதாக மாற்றக் கூடாது.

சரி, முதலில் எழுத்துச் சிக்கலைத் தீர்ப்போம். அதற்கு உறுதியான விடை உண்டு. எக்செலை விட்டுவிட்டு பைத்தானில் எழுதினேன்:

```python
import re, unicodedata

def muthal(sol):
    s = unicodedata.normalize("NFC", sol.strip())
    s = re.sub("^([க-ஹ])\u0BC6ள(?![\u0BBE-\u0BCD])",
               "\\1\u0BCC", s)
    m = re.match("இரா|[ஶஸ]\u0BCDரீ|[அ-ஹ][\u0BBE-\u0BCD]?", s)
    return m.group() + "." if m else None
```

முதல் வரி ஏன் வேண்டும் என்றால், கோ என்பதைச் சில விசைப்பலகைகள் க, ஓகாரக் குறி என்று இரண்டு துண்டாகச் சேமிக்கும், சில க, ே, ா என்று மூன்று துண்டாகச் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். `NFC` மூன்று துண்டை இரண்டு துண்டாக்கிவிடும். இது இல்லாமல் அடுத்த வரிகள் ஓடினால் கோபால் கே. ஆகிவிடுவார்.

இரண்டாவது வரி எங்களுடைய தட்டச்சுப் பழக்கத்துக்காகச் சேர்த்தது. சௌ என்று தட்ட வேண்டிய இடத்தில் ச, ெ, ள என்று தட்டுகிறவர்கள் ஏராளம். ஔகாரக் குறியின் பின்பகுதி பார்க்க ள போலவே இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கௌரி, சௌந்தரராஜன், சௌமியமூர்த்தி மூன்று பெயரையும் இப்படித் தட்டலாம். அப்போது சௌந்தரராஜனின் முதலெழுத்து செ. ஆகிவிடும், செல்லையாவின் மகனோடு குழம்பும். இதை `NFC` திருத்தாது. ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அது பிழை இல்லை, செ, ள என்ற இரண்டு நல்ல எழுத்துகள்.

அதற்காக எல்லா ெள வையும் ௌ ஆக்கிவிடவும் முடியாது. தோட்டங்களில் வெள்ளையம்மா, வெள்ளைச்சாமி என்ற பெயர்கள் நிறைய. கண்மூடித்தனமாக மாற்றினால் வெள்ளையம்மா சிதைந்துவிடுவார். அவர் பெயரில் ள வுக்குப் பின்னால் புள்ளி இருக்கிறது. தப்பாகத் தட்டிய கௌரியில் ள வுக்குப் பின்னால் குறியே கிடையாது, நேராக அடுத்த மெய் வருகிறது. அந்த வரியில் அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனை பார்ப்பது இதைத்தான்: ள வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் கை வைக்காதே. ஓடவிட்டுப் பார்த்தேன், வெள்ளையம்மா வெ. ஆகவே நின்றார், சௌந்தரராஜன் சௌ. ஆனார்.

மூன்றாவது வரி முதலெழுத்தை எடுக்கிறது. ஒரு மெய் அல்லது உயிர், அதோடு ஒட்டிய ஒரு குறி. அதற்கு முன்னால் இரண்டு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஸ்ரீ என்பது உள்ளே நான்கு துண்டு, அதை அறுத்தால் ஸ் மட்டும் மிஞ்சும். இராமசாமி, இராசையா போன்ற பெயர்களுக்கு நம்மவர்கள் இரா. என்றே எழுதுவார்கள், இ. என்று எழுதுவது அபூர்வம். இது யூனிகோட் விதி இல்லை, தமிழ் வழக்கம். அதனால் எந்த நூலகத்தை இறக்கிப் போட்டாலும் இது தானாக வராது. பொன்னையாவுக்குப் பொ. என்று எழுதுகிறவர்களும் உண்டு, பொன். என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதை அந்தக் குடும்பத்திடம்தான் கேட்க வேண்டும். ஸ்டீபனுக்கு இந்தப் புரோகிராம் ஸ். என்று கொடுக்கும், ஆனால் தேவாலயப் பதிவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எஸ். என்றே பார்த்திருக்கிறேன்.

இனி எந்தச் சொல்லிலிருந்து எடுப்பது? இங்கே புரோகிராமால் யூகிக்கத்தான் முடியும். அதனால் 186 பெயரையும் சொல் எண்ணிக்கைப்படி பிரித்தேன். இரண்டு சொல் உள்ளவை 128. ஏற்கனவே முதலெழுத்தோடு எழுதியவை 37. மூன்று சொல்லோ அதற்கு மேலோ 12. ஒரே சொல் 9.

ஒரே சொல் பெயர்களில் என் பழைய சூத்திரம் பிழைச் செய்தி காட்டியிருந்தது, அது நல்லதாகப் போயிற்று. மாரியாயி, பழனியம்மா என்று வயதானவர்கள். அவர்களுக்கு அடையாள அட்டையிலேயே ஒரே சொல்தான். அங்கே முதலெழுத்து என்று ஒன்றை உண்டாக்கக் கூடாது. அடையாள அட்டையில் இல்லாத எழுத்தை நாம் சேர்த்தால், சேமலாப நிதிக்குப் போய் நிற்கும் நாளில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

முதலெழுத்தோடு இருந்த 37 பெயரிலும் எழுதியவர்கள் ஒரே முறையில் எழுதவில்லை. மு.சிவகுமார் என்று இடைவெளி இல்லாமல், மு சிவகுமார் என்று புள்ளி இல்லாமல், சிவகுமார் மு. என்று பின்னால் போட்டு, எம். சிவகுமார் என்று ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதி. எம் என்பது இரண்டு எழுத்து. ஒரு எழுத்து இருந்தால்தான் முதலெழுத்து என்று சோதிக்கும் புரோகிராம் அதைப் பெயர் என்று நினைத்து எ. சிவகுமார் ஆக்கிவிடும். அதனால் எம், எஸ், ஆர், கே, எல், என், எப், ஜே, டபிள்யூ போன்றவற்றைப் பட்டியலாகக் கொடுத்து, இவை வந்தால் தொடாதே என்று சொல்லிவைக்க வேண்டும். சி, பி, வி மூன்றும் இரண்டு முறையிலும் வரும். சி. சிவகுமாரின் அப்பா சின்னையாவாக இருக்கலாம், ஆங்கில `C` யில் தொடங்கும் செல்லையாவாகவும் இருக்கலாம். இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பெரிய குவியல் 128 பெயர். இதில் முன்னால் இருப்பது அப்பா பெயர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் லயம் இலக்கமும் காம்பரா இலக்கமும் இருந்தது. ஒரே காம்பராவில் பதிந்த உடன்பிறப்புகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். முத்துசாமி சிவகுமார், முத்துசாமி கலைச்செல்வி என்று இருந்தால் இரண்டிலும் திரும்ப வரும் சொல் அப்பாவுடையது. அது முன்னால் இருந்தால் வரிசை சரி. திலக்ஷன் யோகராஜா, திவ்யா யோகராஜா என்று வந்தால் அப்பா பின்னால் இருக்கிறார், பெயர் திரும்பியிருக்கிறது. வெளிநாடு போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்த வீடுகளிலும், இந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் பதிவிலும் இந்தத் திருப்பம் வரும். இப்படி ஆறு பெயர் பிடிபட்டது. சாதாரண வழியில் போயிருந்தால் திலக்ஷனுடைய அட்டையில் தி. யோகராஜா என்று வந்திருக்கும். தங்கை திவ்யாவுக்கும் அதே தி. யோகராஜா. போதாததற்கு இரண்டு பேருமே அப்பா பெயரில் உறுப்பினர் ஆகியிருப்பார்கள்.

உடன்பிறப்பு யாரும் இல்லாத காம்பராவில் குடும்பத்தலைவர் பெயரோடு ஒப்பிட்டேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் ஒருமுறை விழுந்தேன். குடும்பத்தலைவர் நிரலில் பெருமாள் முத்துசாமி என்று இருக்கும். அதன் முதல் சொல்லிலிருந்து எடுத்தால் சிவகுமாருக்குப் பெ. வந்துவிடும். அது தாத்தாவின் எழுத்து. அப்பாவுடைய முழுப்பெயரிலிருந்து மகனுக்கு முதலெழுத்து எடுக்கும்போது அப்பாவின் சொந்தப் பெயரைத்தான் எடுக்க வேண்டும், அது கடைசிச் சொல். மகனின் முழுப்பெயரிலிருந்து எடுத்தால் முதல் சொல். பாடசாலைச் சேர்வு இடாப்பிலிருந்து பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் தனித்தனி நிரலில் இருக்கும், அதைவிட நல்ல தரவு வேறு கிடைக்காது. ஆனால் தகப்பன் நிரலிலும் இரண்டு ஆட்கள் இருப்பார்கள்.

மூன்று சொல் உள்ள 12 பெயரைப் புரோகிராமிடம் கொடுக்கவே இல்லை. சங்கத் தலைவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையால் எழுதினேன். அரை மணித்தியால வேலைதான். எக்செல் தாளில் இப்போது முதலெழுத்துக்குத் தனி நிரல், சொந்தப் பெயருக்குத் தனி நிரல், முழுப்பெயருக்குத் தனி நிரல் இருக்கிறது. புரோகிராம் சொன்னதை ஆள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் முதலெழுத்து நிரலில் நிரந்தரமாக ஏறும். அப்புறம் அது முழுப்பெயரிலிருந்து மறுபடி கணக்கிடப்படாது. புது உறுப்பினர் படிவத்தில் "உங்கள் பெயர்", "தகப்பன் பெயர்", "அட்டையில் எப்படி வர வேண்டும்" என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது கட்டம் பெண்களுக்காகவே வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சிலர் அப்பாவின் எழுத்தை விட்டுப் புருசனின் எழுத்தைப் போடுகிறார்கள், சிலர் விடுவதில்லை. அடையாள அட்டையில் அப்பா பெயர், சங்கக் கொப்பியில் புருசன் பெயர் என்று இருப்பவர்கள் எங்கள் பட்டியலிலேயே ஒன்பது பேர். ஐந்தாம் லயத்து வெள்ளையம்மா அக்காவிடம் போய், "அக்கா, உங்களுக்கு ரானா போடவா, கானா போடவா?" என்று கேட்டேன். அவருடைய அப்பா இராமையா, புருசன் கருப்பையா. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். இராமையா வெள்ளையம்மா என்று இருந்தது. "இதுல என்னா இருக்கோ அதையே போடு தம்பி. அவருக்கு அவரு அட்டை இருக்கில்ல" என்றார். இரா. வெள்ளையம்மா என்று தட்டி, பக்கத்து நிரலில் "கேட்டது" என்று குறித்துக்கொண்டேன்.